கௌட்சியோன் 1860 யூரோ: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: வணக்கம் அக்கா. வேலை கிடைத்து லைப்சிக் வந்து ஆறு வாரம் ஆகிறது. 45 சதுர மீட்டரில் ஒரு வீடு பார்த்துவிட்டேன், அக்டோபர் 1 முதல் வாடகை. ஒப்பந்தத்தில் கால்ட்மீட்டெ 480, நேபன்கோஸ்டன் ஃபோராவ்ஸ்ஸாலுங் 140, மொத்தம் 620, கௌட்சியோன் என்ற பிணைத்தொகை 1860 யூரோ, அதையும் சாவி வாங்கும் முன் முழுசாகக் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது. மூன்று மாத வாடகை வாங்குவது இங்கே வழக்கம் என்கிறார்கள், சரிதானா? 140இல் கரண்ட், தண்ணீர், ஹீட்டர் எல்லாம் அடக்கமா? கூட வேலை செய்பவருக்கு திடீரென்று 400 யூரோ பில் வந்ததாம், அதைக் கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: தம்பி, 1860 தவறு. 1440க்கு மேல் ஒரு சென்ட் கூட அவர் கேட்க முடியாது.

மூன்று மாதம் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் எந்த வாடகையின் மூன்று மாதம் என்பதை விட்டுவிட்டார்கள். கால்ட்மீட்டெ என்றால் நேராகச் சொன்னால் 'குளிர்ந்த வாடகை', அதாவது நான்கு சுவருக்கும் கூரைக்கும் மட்டுமான வாடகை. அதோடு நேபன்கோஸ்டன், அதாவது வீட்டைச் சேர்ந்த பக்கச் செலவுகள், சேர்ந்தால் அது வார்ம்மீட்டெ, 'சூடான வாடகை'. உங்கள் வீட்டுக்கு முதலாவது 480, இரண்டாவது 620. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 551ஆம் பிரிவு, கௌட்சியோன் அதிகபட்சம் மூன்று கால்ட்மீட்டெ என்று வரம்பு கட்டியிருக்கிறது, பக்கச் செலவை அதில் சேர்க்கக்கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. 480ஐ மூன்றால் பெருக்கினால் 1440. உங்கள் வீட்டுக்காரர் 620ஐப் பெருக்கியிருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரா, கால்குலேட்டரில் பக்கத்து எண்ணைத் தட்டிவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாடகைதாரர் சங்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக இந்த ஒப்பந்தங்களைப் படிக்கிறேன், தனியாக ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவர்களிடம் இந்தப் பிழையை அடிக்கடி பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் சுட்டிக்காட்டினதும் உடனே திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது 'முழுசாக, சாவிக்கு முன்'. இதுவும் அதே பிரிவில் அடிபடுகிறது. கௌட்சியோனை மூன்று சம தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த இரண்டு மாத வாடகையோடு. உங்கள் கணக்கில் அக்டோபரில் 480, நவம்பரில் 480, டிசம்பரில் 480. வாடகைதாரருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. இதைத்தான் நம் ஆட்கள் நம்ப மறுக்கிறார்கள். 'கையெழுத்துப் போட்டாச்சே அக்கா, இனிமேல் என்ன செய்ய முடியும்' என்று வருகிறவர்கள் எத்தனை பேர். இங்கே வாடகைச் சட்டத்தில் பல விஷயங்கள் பேரத்துக்கு அப்பாற்பட்டவை.

சரி, சட்டம் இப்படி. நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டால் நான் இரண்டையும் ஒரே மாதிரி பார்க்க மாட்டேன். அதிகமான 420 யூரோவை கையெழுத்துக்கு முன்னாலேயே மரியாதையாக ஒரு மெயிலில் கேளுங்கள்: கௌட்சியோன் மூன்று கால்ட்மீட்டெ, அதனால் 1440 என்று திருத்தித் தர முடியுமா, அவ்வளவுதான், சட்டப் பிரிவு எண்ணைப் போடுங்கள், மிரட்டல் தொனி வேண்டாம். தவணை விஷயத்தில், கையில் பணம் இருந்தால், வீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கும் ஊரில் இதற்காக முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பணம் இல்லையென்றால் கேளுங்கள், உங்கள் உரிமைதான். ஏற்கெனவே 1860ஐக் கட்டிவிட்ட யாராவது இதைப் படித்தால், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம், கட்டிய வருடம் முடிந்து மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் ஒன்று, உரிமை தெரிந்துவிட்டது என்று நியாயமான தவணையையும் கட்டாமல் இழுக்காதீர்கள். பாக்கி இரண்டு கால்ட்மீட்டெ அளவுக்கு, உங்களுக்கு என்றால் 960 யூரோவுக்கு, வந்துவிட்டால் முன்னறிவிப்பே இல்லாமல் காலி செய்யச் சொல்ல அவருக்கு உரிமை வந்துவிடும்.

பணத்தைக் கட்டும்போது கையில் நோட்டாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பு எழுதும் இடத்தில் Mietkaution என்று போட்டு வீட்டு முகவரியையும் சேருங்கள். வாடகையோடு ஒரே தொகையாக அனுப்ப வேண்டாம், பிறகு எது எது என்று பிரிக்க யாராலும் முடியாது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தன் சொந்தச் சொத்திலிருந்து பிரித்து, தனிக்கணக்கில் போட்டு வைக்கக் கடமைப்பட்டவர், அவர் நாளைக்குத் திவாலானாலும் உங்கள் பணம் தப்ப வேண்டும் என்பதற்காக. வட்டியும் உங்களுக்கே. எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம், அதில் தப்பொன்றும் இல்லை.

இதை நம்மூர் அட்வான்ஸோடு குழப்பிக்கொள்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சென்னையில் காலி செய்யும்போது 'கடைசி ரெண்டு மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்' என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்திவிடுவோம், பல வீட்டுக்காரர்களும் சரி என்று விடுவார்கள். இங்கே அதைச் செய்யக்கூடாது. கௌட்சியோன் என்பது நீங்கள் போன பிறகு தெரியவரும் சேதத்துக்கும் பாக்கிக்குமான பிணை, வாடகையை நிறுத்தி அதைக் கரைத்துவிட்டால் அந்தப் பிணைக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. நின்ற வாடகைக்கு அவர் வழக்குப் போடலாம், போட்டால் ஜெயிப்பார். அதேபோல் காலி செய்த அன்றே பணம் கைக்கு வராது. சரிபார்க்க நியாயமான அவகாசம் எடுத்துக்கொள்வார், பொதுவாக ஆறு மாதம் வரை என்று எதிர்பார்த்து வையுங்கள், அதற்குப் பிறகும் நேபன்கோஸ்டன் கணக்கு பாக்கியிருந்தால் ஒரு சிறு பகுதியை மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

இப்போது அந்த 140க்கு வருகிறேன். உங்கள் ஒப்பந்தத்திலேயே பெரிய வார்த்தை என்று நான் நினைப்பது கௌட்சியோன் இல்லை, 140க்குப் பக்கத்தில் நிற்கிற ஃபோராவ்ஸ்ஸாலுங். முன்பணம் என்று அர்த்தம். மாதம் 140 என்பது விலை இல்லை, ஒரு மதிப்பீடு. வருடம் முடிந்து உண்மையான செலவைக் கூட்டிப் பார்த்து, அதிகம் கட்டியிருந்தால் திருப்பித் தருவார், குறைவாகக் கட்டியிருந்தால் மிச்சத்தைக் கேட்பார். இதே இடத்தில் பௌஷாலெ என்று எழுதியிருந்தால் கதையே வேறு: அது நிலையான தொகை, கணக்கும் கிடையாது, பில்லும் வராது, திரும்பியும் வராது. பகிர்ந்து தங்கும் அறைகளில் பௌஷாலெயை அதிகம் பார்க்கலாம். உங்களோடு வேலை செய்பவருக்கு வந்த 400 யூரோ பில் பெரும்பாலும் முதல் வகையில் வந்ததாக இருக்கும். ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்குத்தாளுக்கு நேபன்கோஸ்டன் அப்ரெஷ்னுங் என்று பெயர். பார்த்தால் தலை சுற்றும், ஆனால் உள்ளே நடப்பது எளிய பெருக்கலும் வகுத்தலும்தான். உங்கள் வீட்டையே வைத்துப் பார்ப்போம், எண்கள் நான் உதாரணத்துக்குப் போடுபவை. கட்டடம் மொத்தம் 600 சதுர மீட்டர், உங்களுக்கு 45. சூடேற்றம் தவிர்த்த மற்ற செலவுகள், அதாவது நிலவரி, குப்பை, தண்ணீர், கழிவுநீர், கட்டடக் காப்பீடு, மாடிப்படி விளக்கு, துப்புரவு, பராமரிப்பு ஆள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 10,800 யூரோ. 600ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 18, உங்கள் பங்கு 810. சூடேற்றம் கட்டடம் முழுக்க 9,600. இதை வீட்டின் பரப்பை மட்டும் வைத்துப் பிரிக்க விடமாட்டார்கள், குறைந்தது 50 சதவீதம், அதிகம் போனால் 70 சதவீதம் யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதை வைத்தே பிரிக்க வேண்டும் என்று தனி விதி இருக்கிறது. இங்கே 70 என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 சதவீதம், 2,880 யூரோ, பரப்புப்படி, உங்களுக்கு 216. 70 சதவீதமான 6,720 யூரோ பயன்பாட்டுப்படி. ஒவ்வொரு ஹீட்டரிலும் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள், அது காட்டும் அலகுகளைக் கூட்டுவார்கள். கட்டடம் முழுக்க 48,000 அலகு, உங்கள் வீட்டில் 5,600. அலகுக்கு 14 சென்ட், ஆக உங்களுக்கு 784. மொத்தம் 810, 216, 784 சேர்த்து 1,810 யூரோ. நீங்கள் கட்டியது மாதம் 140 வீதம் 1,680. பாக்கி 130. இந்தப் பாக்கிக்கு நாஃக்ஸாலுங் என்று பெயர், எதிர்ப்பக்கம் போய் உங்களுக்குத் திரும்பி வந்தால் அது கூட்ஹாபன்.

இதில் இரண்டு இடத்தில் நின்று பாருங்கள். முதலாவது அந்த 10,800. உள்ளே வரிவரியாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள், அதில் ஃபெர்வால்டுங்ஸ்கோஸ்டன் என்று 1,200 யூரோ இருக்கிறது என்று வையுங்கள். நிர்வாகச் செலவு. இதை வாடகைதாரர் தலையில் கட்டக்கூடாது, சட்டம் சேர்க்கலாம் என்று வகைப்படுத்திய செலவுகளில் இது கிடையாது. பழுதுபார்ப்பும் அப்படியே, கூரை ஒழுகியது, கதவு மாற்றியது எல்லாம் வீட்டுக்காரர் செலவு. 1,200ஐக் கழித்தால் உங்கள் பங்கில் 90 யூரோ குறைகிறது, பாக்கி 130 என்பது 40 ஆகிவிடுகிறது. பராமரிப்பு ஆள், அதாவது ஹவுஸ்மைஸ்டர், என்ற வரியிலும் இதே தந்திரம் உண்டு, அவர் குழாய் ரிப்பேர் செய்த கூலியையும் அதற்குள் நுழைத்துவிடுவார்கள், தொகை திடீரென்று பெரிதாக இருந்தால் பில்களைக் காட்டச் சொல்லுங்கள். மூல பில்களைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதைக் கேட்டதும் சில வீட்டுக்காரர்களுக்குப் பிழை தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டாவது அந்த 5,600 அலகு. கட்டடத்தில் உங்கள் பரப்பு 7.5 சதவீதம், ஆனால் அலகில் 11.7 சதவீதம். பரப்புக்கு ஏற்ற மாதிரி 3,600 அலகில் நின்றிருந்தால் பயன்பாட்டுச் செலவு 784 இல்லை, 504. நிர்வாகச் செலவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மொத்தமே 1,440, உங்களுக்கு 240 யூரோ திரும்பி வந்திருக்கும். புதிதாக வருபவர்கள் ஹீட்டரை ஐந்தில் திருகி வைத்துவிட்டு, புழுக்கமாக இருக்கிறது என்று ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைத்து வேலைக்குப் போய்விடுவார்கள். பணம் அந்த ஜன்னல் வழியாகத்தான் போகிறது. ஜன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள், அந்த நேரத்தில் ஹீட்டரை நிறுத்தி வையுங்கள். ஜன்னலை எப்போதும் மூடியே வைப்பதும் ஆகாது, சுவரில் பூஞ்சை பிடித்தால் அது வேறு சண்டை.

உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, அக்டோபரில் குடியேறுகிறீர்கள். கணக்கு வருடம் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஆக உங்கள் முதல் கணக்கில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மட்டும்தான் இருக்கும். இந்த மூன்று மாதத்தில் கட்டியது 420. சூடேற்றத்தைக் கணக்கிடுபவர்கள் மாதங்களுக்கு ஓர் எடை வைத்திருக்கிறார்கள்: வருடம் 1000 என்றால் அக்டோபருக்கு 80, நவம்பருக்கு 120, டிசம்பருக்கு 160. மூன்று மாதம் காலண்டரில் கால் வருடம்தான், சூட்டில் 36 சதவீதம். மேலே போட்ட எண்களிலேயே பார்த்தால் சூடேற்றம் வருடத்துக்கு 1,000, அதில் 360. மற்ற செலவு, திருத்திய பிறகு 720, அதில் கால்பங்கு 180. மொத்தம் 540, கட்டியது 420, பாக்கி 120. அசாதாரணமாக எதையும் நீங்கள் செய்யவில்லை, ஈடுகட்டக் கோடைக்காலம் அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். இதற்காகவே சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு ஹீட்டர் பெட்டியின் எண்ணையும், தண்ணீர் மீட்டரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முந்தைய குடித்தனக்காரர் ஓட்டிய அலகு உங்கள் கணக்கில் ஏறக்கூடாது.

இந்த முதல் கணக்கு எப்போது வரும் என்றால், அடுத்த வருடம் டிசம்பர் 31க்குள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால், தாமதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று காட்டினாலொழிய, பாக்கியை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பணம் தாமதத்தால் போகாது, அதை வாங்கிக்கொள்ளலாம். வந்த கணக்கில் தவறு இருந்தால் கிடைத்த நாளிலிருந்து பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வேண்டும். பாக்கியைக் கட்ட வேண்டிய கெடு நெருங்குகிறது, சந்தேகம் தீரவில்லை என்றால், பிறகு மறுப்பதற்கான உரிமையை வைத்துக்கொண்டு கட்டுகிறேன் என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். பெரிய பாக்கி வந்தால் மாதத் தொகையை அவர் அதற்கேற்ப உயர்த்துவார், திரும்பி வந்தால் நீங்கள் குறைக்கச் சொல்லலாம்.

கரண்ட் அந்த 140இல் இல்லை, நீங்கள் கேட்டதால் தனியாகச் சொல்கிறேன். ஜெர்மனில் ஷ்ட்ரோம். ஒப்பந்தத்தில் வெளிப்படையாகச் சேர்த்திருந்தாலொழிய, வீட்டுக்குள் ஓடும் மின்சாரத்துக்கு நீங்களே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். போடாமல் விட்டால் கரண்ட் நிற்காது, உள்ளூர் அடிப்படை நிறுவனத்தின் கட்டணத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அது பெரும்பாலும் விலை கூடியது. இணையமும் தனி. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் உண்டு.

கடைசியாக, சாவி வாங்கும் நாளில் ஊபர்காபெ புரோட்டோகோல் என்று ஒரு தாள் நிரப்புவார்கள், வீடு என்ன நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு. நான் வந்த புதிதில் என் முதல் வீட்டில் இதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன், ஜெர்மன் புரியவில்லை, வீட்டுக்காரரும் அவசரத்தில் இருந்தார். சமையல் மேடையில் ஏற்கெனவே இருந்த ஒரு தீக்காய வட்டத்துக்கு, காலி செய்யும்போது 180 யூரோ கழித்துவிட்டார். எப்போது வந்த வட்டம் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு படம் கூட இல்லை. நீங்கள் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், தரைக் கீறல், ஓடு விரிசல், குளியலறை மூலையில் கறுப்பு, ஹீட்டர் எண்கள், எத்தனை சாவி, எல்லாம் அந்தத் தாளில் ஏற வேண்டும், ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடலாமா என்று கேட்டீர்கள். வீட்டை நேரில் பார்த்துவிட்டீர்கள், வாடகைக்குத் தருபவர்தான் உரிமையாளர் என்று தெரிந்துகொண்டீர்கள் என்றால், போடலாம். அதற்கு முன் இன்றைக்கே 1440க்கான அந்த மெயிலை அனுப்புங்கள். கூடவே, போன வருடம் இந்த வீட்டுக்கு வந்த அப்ரெஷ்னுங் தாளைக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். காட்டினால் 140 போதுமா, 170 ஆகுமா என்று இப்போதே தெரிந்துவிடும். மறுத்தால் மாதம் முப்பது யூரோ தனியாக எடுத்து வைத்துக்கொண்டு குடியேறுங்கள்.